எட்டு பெரிதா, நான்கு பெரிதா? ஒரு பீட்சாவும் நான்கு பிள்ளைகளும்

இது மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கதை. படிக்கும்போது பக்கத்தில் இரண்டு மூன்று தாள்களும், வட்டம் வரைய ஒரு தட்டும், கத்தரிக்கோலும் இருக்கட்டும். கதையில் வரும் பிள்ளைகள் செய்வதையெல்லாம் நீங்களும் செய்துகொண்டே வாருங்கள். பின்னத்தைக் கையால் மடித்துப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

மேசை மேல் ஒரு பெரிய பீட்சா இருந்தது. நல்ல வட்டம். ஓர் ஓரத்திலிருந்து நடுவழியாக மறு ஓரம் வரை அளந்தால் 30 சென்டிமீட்டர். அதைச் சுற்றி நான்கு பேர்: மீனா, அவள் தம்பி கவின், பக்கத்து வீட்டு நிலா, மீனாவின் வகுப்பில் படிக்கும் ரஹீம். கத்தி அத்தையின் கையில் இருந்தது.

"நாலு பேருக்கும் சமமா வரணும். எப்படி வெட்டலாம்னு நீங்களே சொல்லுங்க. ஆனா முதல்ல தாள்ல வெட்டிக் காட்டுங்க. பீட்சாவை ஒரு தடவை வெட்டிட்டா ஒட்ட முடியாது" என்றார் அத்தை.

பீட்சா இருந்த வட்டத் தட்டைப் பெரிய தாளில் வைத்து, சுற்றி வரைந்து, அதே அளவில் ஒரு வட்டம் வெட்டி எடுத்தார்கள். மீனா அளவுகோலை வைத்தாள். 30ஐ நான்கால் வகுத்தால் ஏழரை. ஏழரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக, மேலிருந்து கீழே நேராக மூன்று கோடுகள் போட்டாள். கோட்டின் மேலேயே வெட்டினாள். நான்கு பட்டைகள் வந்தன. எல்லாமே ஒரே அகலம்.

"நாலு துண்டு. ஆளுக்கு ஒண்ணு" என்றாள் மீனா.

ரஹீம் சட்டென்று நடுவில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டான். நிலாவுக்கு ஓரத்துத் துண்டு வந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ரஹீமின் துண்டு மேல் தன் துண்டை வைத்தாள். அடியில் இருந்த துண்டு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அகலம் ஒண்ணுதான். ஆனா என்னுது வளைஞ்சு வளைஞ்சு போயிடுது" என்றாள் நிலா.

அவள் சொன்னது சரி. வட்டம் நடுவில் உயரமாகவும் ஓரம் போகப் போகக் குட்டையாகவும் இருக்கிறது. அதனால் ஒரே அகலத்தில் வெட்டினாலும் நடுத்துண்டில் தாள் அதிகம். ஓரத்துத் துண்டைப்போல ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலேயே அதில் இருக்கும். மீனா நான்கு துண்டு போட்டாள் என்பது உண்மை. ஆனால் அவை நான்கு சம பாகங்கள் இல்லை. பாகங்கள் சமமாக இல்லாதவரை எந்தத் துண்டையும் 'நான்கில் ஒன்று' என்று சொல்ல முடியாது. எத்தனை துண்டு என்று எண்ணுவதற்கு முன்னால், ஒன்றை ஒன்றன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நிலா செய்தது அதைத்தான்.

மீனா இன்னொரு வட்டம் வெட்டினாள். இந்த முறை அளவுகோலைத் தொடவில்லை. வட்டத்தின் விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி பாதியாக மடித்தாள். அரை வட்டம் கிடைத்தது. அதையே மறுபடி, மூலையோடு மூலை சேர்த்துப் பாதியாக மடித்தாள். விரித்தபோது இரண்டு மடிப்புக் கோடுகள் தெரிந்தன. அவை ஒன்றையொன்று வெட்டும் இடம்தான் வட்டத்தின் சரியான நடு. வெட்டுகிற கத்தி அந்த நடுவைத் தவறவிட்டால், ஒரு துண்டு பெருத்து எதிர்த்துண்டு சிறுத்துப்போகும்.

கோட்டின் மேலே வெட்டி நான்கு துண்டுகளையும் அடுக்கினார்கள். எந்தப் பக்கமும் எதுவும் நீட்டவில்லை.

அத்தை அதே மாதிரி பீட்சாவின் நடுவழியாக இரண்டு முறை வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு வைத்தார். தட்டில் இருந்தது கால் பீட்சா. தாளில் மீனா இப்படி எழுதினாள்: 1/4.

கோட்டுக்குக் கீழே இருக்கும் 4, முழு பீட்சா எத்தனை சம பாகமாக ஆனது என்பதைச் சொல்கிறது. அதற்குப் பெயர் பகுதி. மேலே இருக்கும் 1, அந்தப் பாகங்களில் எத்தனையை எடுத்தோம் என்பதைச் சொல்கிறது. அதற்குப் பெயர் தொகுதி. பிள்ளைகள் இந்த இரண்டு பெயர்களையும் மாற்றிப் போட்டுக்கொள்வதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். கீழே உள்ளது பகுதி, பகுத்தது எத்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உதவும். தமிழில் 'நான்கில் ஒன்று' என்று கீழே இருப்பதைத்தானே முதலில் சொல்கிறோம்? வேலையும் அந்த வரிசையில்தான் நடக்கிறது. முதலில் நான்காக வெட்ட வேண்டும், அப்புறம்தான் ஒன்றை எடுக்க முடியும். பின்னத்தைப் படிக்கும்போதெல்லாம் வாய்விட்டு 'நான்கில் ஒன்று', 'எட்டில் மூன்று' என்று சொல்லிப் பழகினால், என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடும்.

இப்போது கவின். அவனுக்கு ஆறு வயது. நூறு வரை எண்ணத் தெரியும். எது பெரிய எண், எது சின்ன எண் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வான். மீனா எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அத்தை, இந்த 4 இருக்கிற இடத்துல 8 போட முடியுமா?"

"போடலாமே. எட்டில் ஒன்று."

"அப்போ எனக்கு அது வேணும். நாலைவிட எட்டுதான் பெரிசு."

ரஹீம் வாயைத் திறந்தான். அத்தை கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "சரிடா. எட்டில் ஒன்று எவ்வளவு இருக்கும்னு நீயே பார்த்துட்டு வாங்கிக்கோ" என்று ஒரு புது வட்டத்தைக் கவினிடம் கொடுத்தார்.

கவின் மடித்தான். பாதி. மறுபடி பாதி. "இது அக்கா செஞ்சது" என்றான். மூன்றாவது முறையும் பாதியாக மடித்தான். விரித்து எண்ணினான்: எட்டு. ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, மீனா வெட்டி வைத்திருந்த கால் துண்டின் மேல் வைத்தான். பாதி இடத்தைத்தான் அது மூடியது. இழுத்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். பிறகு முகம் சுருங்கிவிட்டது.

"எட்டு பெரிசுதானே அத்தை? அப்புறம் ஏன் துண்டு குட்டியா இருக்கு?"

இந்தக் கேள்விதான் இந்தக் கதையிலேயே முக்கியமானது. ஆறு வயதில் மட்டும் வருகிற குழப்பம் இல்லை அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட 1/8, 1/4 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேட்டால் 1/8தான் பெரிது என்று சொல்வதுண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இத்தனை நாள் நாம் எண்ணிய பொருள்களில் எட்டு எப்போதும் நான்கைவிட அதிகம்தானே!

அத்தை கேட்டார்: "இப்போ நாம நாலு பேர் பங்கு போட்டோம். இன்னும் நாலு பேர் வந்துட்டா?"

கவின் யோசித்தான். "அவங்களுக்கும் குடுக்கணும்."

"பீட்சா பெரிசாகுமா?"

"இல்ல. ஒண்ணுதான் இருக்கு." கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "எட்டுங்கிறது ஆளுங்க!" என்று கத்தினான். "ஆளுங்க நிறைய வந்தா துண்டு சின்னதாயிடும்."

சரியாகப் பிடித்துவிட்டான். கீழே இருக்கும் எண் துண்டின் அளவு இல்லை. ஒரே முழுப் பொருளை எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள் என்று அதை நினைத்துக்கொள்ளலாம். கேட்கிறவர்கள் கூடக் கூடப் பங்கு சிறுக்கும். அதனால் 1/2ஐவிட 1/3 சிறியது, 1/3ஐவிட 1/4 சிறியது, 1/8 அதைவிடச் சிறியது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மேலே இருக்கும் எண் ஒன்றாகவே இருக்கும்போதுதான் இப்படிக் கீழே பார்த்து மட்டும் சொல்லலாம். 3/8, 1/4 என்று வந்தால் துண்டுகள் சிறியவைதான், ஆனால் மூன்று துண்டுகள் இருக்கின்றன. அப்போது மேலே இருப்பதையும் பார்த்தாக வேண்டும்.

கவின் தன் குட்டித் துண்டையும் மீனாவின் கால் துண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வட்டத்திலிருந்து இன்னொரு குட்டித் துண்டை வெட்டி, மிச்சம் இருந்த இடத்தில் பொருத்தினான். கால் துண்டு முழுசாக மூடிக்கொண்டது.

"எனக்கு ரெண்டு குட்டி குடுங்க. எட்டில் ரெண்டு."

"அதுவும் காலும் ஒண்ணுதானேடா" என்றாள் மீனா. அவள் தாளில் எழுதினாள்: 2/8 = 1/4.

அத்தை கவினின் தட்டில் இருந்த கால் பீட்சாவை நடுவில் ஒரு முறை வெட்டினார். இப்போது அவனிடம் இரண்டு துண்டுகள். மற்றவர்களிடம் ஒன்று ஒன்று. அவனுக்கு ஒரு துளி மாவுகூட அதிகமாகப் போகவில்லை, குறையவும் இல்லை. கத்தி துண்டுகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கியது, ஒவ்வொன்றின் அளவையும் பாதியாக்கியது. மேலே 1 இருந்த இடத்தில் 2, கீழே 4 இருந்த இடத்தில் 8. இரண்டும் ஒரே மடங்கு மாறினால் பீட்சாவின் அளவு மாறாது. இப்படி வேறு வேறு எண்களில் எழுதினாலும் ஒரே அளவைக் குறிப்பவற்றைச் சமான பின்னங்கள் என்போம்.

நம் மொழியில் இந்த மடிப்புகளுக்கு அழகான பெயர்கள் இருக்கின்றன. பாதிக்கு அரை, அதில் பாதிக்குக் கால். மூன்று கால் சேர்ந்தால் முக்கால். காலில் பாதிக்கு என்ன? அரைக்கால். கவினின் குட்டித் துண்டு, அதாவது 1/8, அரைக்கால் பீட்சா. அதையும் பாதியாக்கினால் 1/16, அதற்கு மாகாணி என்று பெயர். அரைக்கால், மாகாணி என்ற சொற்களை இப்போது அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை. ஆனாலும் 'அரைக்கால்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே போதும், எட்டில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். மீனா தன் காலை முடித்துவிட்டாள். கவின் தன் இரண்டு குட்டித் துண்டுகளையும் முடித்துவிட்டான். ரஹீம் பாதி சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றான். நிலா ஏற்கெனவே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவள். தன் துண்டைத் தொடவே இல்லை.

"முழு பீட்சாவில் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார் அத்தை.

மீனா எழுதினாள். நிலாவுடையது 1/4. ரஹீம் வைத்தது காலில் பாதி, 1/8. கூட்ட வேண்டும். மேலே 1ம் 1ம் 2. கீழே 4ம் 8ம் 12.

1/4 + 1/8 = 2/12

அத்தை அதைத் தப்பு என்று சொல்லவில்லை. "நிலா துண்டோட ரஹீம் துண்டையும் சேர்த்தா, காலைவிடக் கூடுமா குறையுமா?" என்று கேட்டார்.

"கூடும்" என்றாள் மீனா.

"அப்போ உன் 2/12 காலைவிடப் பெரிசா இருக்கணும். பார்ப்போமா? பன்னிரண்டு துண்டை ரெண்டு ரெண்டாச் சேர்த்தா எத்தனை கட்டு?"

"ஆறு."

"அதுல ஒரு கட்டுதான் உன் 2/12. அதாவது ஆறில் ஒன்று. ஆறில் ஒன்று பெரிசா, நாலில் ஒன்று பெரிசா?"

பதில் கவினிடமிருந்து வந்தது. "ஆறு பேருக்குப் போட்டா சின்னது! நாலு பேருக்குப் போட்டாத்தான் பெரிசு."

மீனா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலோடு கொஞ்சம் சேர்த்திருக்கிறாள், விடையோ காலைவிடக் குறைவாக வந்திருக்கிறது. எங்கோ தவறு இருக்கிறது என்பது உறுதி. பின்னங்களைக் கூட்டிய பிறகு நீங்களும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: விடை, கூட்டிய இரண்டில் பெரியதைவிடப் பெரிதாக இருக்கிறதா? இல்லையென்றால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

தவறு எங்கே என்று காட்ட அத்தை பீட்சாவை விட்டுவிட்டு மேசைக்குப் போனார். மேசை விளிம்பில் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை வைத்து, "இது ஒரு முழம்" என்றார். அதையடுத்து விரல்களை விரித்து வைத்தார். "இது ஒரு சாண். மொத்தம் எவ்வளவு?"

"ரெண்டு" என்றான் ரஹீம்.

"ரெண்டு என்ன? ரெண்டு முழமா, ரெண்டு சாணா?"

அவனால் சொல்ல முடியவில்லை. நிலா சொன்னாள்: "ஒரு முழத்துக்கு ரெண்டு சாண். அப்போ ரெண்டும் ஒண்ணும் மூணு சாண்."

பீட்சாவிலும் அதேதான். கால் என்பது முழம் மாதிரி, அரைக்கால் என்பது சாண் மாதிரி. பின்னத்தில் கீழே இருக்கும் எண், அது எந்த வகைத் துண்டு என்று சொல்லும் பெயர். பெயர்களைக் கூட்டுவதில்லை. முழத்தையும் சாணையும் கூட்டிப் புதிதாக ஓர் அளவை யாரும் உண்டாக்குவதில்லை அல்லவா? முதலில் எல்லாவற்றையும் ஒரே வகைத் துண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் கவின் ஏற்கெனவே வழி காட்டிவிட்டான்: கால் என்பது எட்டில் இரண்டு.

மீனா அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

1/4 + 1/8 = 2/8 + 1/8 = 3/8

எட்டில் மூன்று மிச்சம். அவள் அதோடு விடவில்லை. சாப்பிட்டதையும் கூட்டிப் பார்த்தாள். தான் 2/8, கவின் 2/8, ரஹீம் 1/8, மொத்தம் 5/8. சாப்பிட்டது 5/8, மிச்சம் 3/8, இரண்டும் சேர்ந்து 8/8. எட்டாக வெட்டி எட்டையும் எடுத்தால் அது முழு பீட்சா. கணக்கு சரி.

ரஹீம் வைத்ததைக் கவின் தின்றுவிட்டான். நிலாவின் கால் துண்டு குளிர்பெட்டிக்குப் போனது.

மறுநாள் அத்தை ஒரு சின்ன பீட்சா செய்தார். குறுக்கே அளந்தால் 20 சென்டிமீட்டர். மாவின் தடிமன் நேற்று போலவேதான். அதைச் சரிபாதியாக வெட்டிவிட்டு, நேற்றைய கால் துண்டையும் சூடாக்கி வைத்தார். "கவின், இந்தப் பாதி வேணுமா, அந்தக் கால் வேணுமா?"

கவின் இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. "பாதி! ரெண்டு பேருக்குப் போட்டதுதான் நாலு பேருக்குப் போட்டதைவிடப் பெரிசு."

அவன் விதியைச் சரியாகத்தான் சொன்னான். ஆனால் மீனாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். ஒன்று அரை வட்டம், மற்றது முக்கோணம் போல இருக்கிற கால் வட்டம். ஒன்றில் ஒரு பக்கம் நீட்டியது, மற்றதில் இன்னொரு பக்கம் நீட்டியது. வடிவம் வேறாக இருந்தால் அடுக்கிப் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

அதனால் ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளை எடுத்து, இரண்டு துண்டுகளின் அளவையும் அதில் வரைந்தாள். உள்ளே இருக்கும் கட்டங்களை இருவரும் எண்ணினார்கள். ஓரத்தில் வெட்டுப்பட்ட கட்டங்களில், பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள், பாதிக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிட்டார்கள். நீங்கள் எண்ணினால் சில கட்டங்கள் முன்னே பின்னே வரலாம். சின்ன பீட்சாவின் பாதியில் ஏறக்குறைய 157 கட்டங்கள். பெரிய பீட்சாவின் காலில் ஏறக்குறைய 177.

"காலுதான் பெரிசா?" என்றான் கவின். நம்பமுடியாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினான். பாதிவழியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"இது வேற பீட்சா. அது வேற பீட்சா."

ஆமாம். 1/2 என்பது 1/4ஐவிடப் பெரியது என்று சொல்லும்போது, இரண்டையும் ஒரே அளவுள்ள முழுப் பொருளிலிருந்துதான் எடுத்தோம் என்பது சொல்லாமலே அடங்கியிருக்கிறது. முழுசு மாறிவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது. மீனா நேற்று கூட்டிய கணக்கும் அப்படித்தான். இரண்டு துண்டுகளும் ஒரே பீட்சாவில் வந்தவை என்பதால்தான் அவற்றைச் சேர்த்து எட்டில் மூன்று என்று சொல்ல முடிந்தது.

கவின் கால் துண்டைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டான். ஒரு கடி கடித்தபின் அத்தையிடம் சொன்னான்: "இனிமே பாதி, கால்னு சொல்றதுக்கு முன்னாடி, எதுல பாதின்னு காட்டிட்டுக் கேளுங்க."